டாஸில் நீளாத கை: டெல்டாவின் ஒரு அரையிறுதி பற்றிய நிகழ்வு ஆய்வு

கடந்த சித்திரையில் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடைப்பட்ட ஒரு ஊரில் நடந்த டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டியின் அரையிறுதியில், டாஸ் நேரத்தில் ஒரு கேப்டன் எதிரணிக் கேப்டனுக்குக் கை கொடுக்கவில்லை. அதற்காக அவருடைய அணிக்கு ஐந்து ரன் தண்டனை விழுந்தது. எட்டு ஓவர் ஆட்டத்தில் அந்த அணி 73 ரன் எடுத்து வெற்றி என்று குதித்தது. ஸ்கோர் புத்தகத்திலோ இலக்கு 77 என்று இருந்தது. அதன் பிறகு நடந்த பஞ்சாயத்தில் இரண்டு அம்பயர்களில் ஒருவனாக நானும் உட்கார்ந்திருந்தேன். கை கொடுப்பதை விதியாக்கினால் என்னென்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு எங்கள் பக்கம் நடந்ததில்லை. அதனால்தான் முழுதாக எழுதி வைக்கிறேன். அணிகளின் பெயர் வேண்டாம். ஆற்றின் இரு கரைகளைச் சேர்ந்தவை என்பதால் வடகரை, தென்கரை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். டெல்டாவில் கிரிக்கெட் சீசனைத் தீர்மானிப்பது வயல்தான். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்தாலும் வயல் உடனே கிடைத்துவிடாது, அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்தும் பயறும் அதில் நிற்கும். அதைப் பிடுங்கிய பிறகுதான் திடல் நமக்கு. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் திடல் மறுபடி வயலாகிவிடும். ஆக சித்திரையும் வைகாசியும்தான் காலம். அதற்குள் நான்கைந்து ஊர்களில் போட்டி நடக்கும், அதே அணிகள் திரும்பத் திரும்ப மோதும். ஒரு ஊரில் விழுந்த சண்டை அடுத்த வாரமே அடுத்த ஊர் டாஸுக்கு வந்து நிற்கும். ஆறுவதற்கு நேரமே கிடையாது.

எங்கள் கமிட்டியின் விதித்தாளில் நெடுநாளாக இருக்கும் ஒரு விதி: ஒரு அணிக்கு வெளியூர் ஆட்டக்காரர் இரண்டு பேருக்கு மேல் கூடாது, ஆட்டக்காரர் பட்டியலை டாஸுக்கு முன் ஸ்கோர் மேசையில் கொடுக்க வேண்டும், பட்டியல் தராத அணிக்கு டாஸ் இல்லை. இந்த ஆண்டு புதிதாக ஒன்று சேர்ந்தது. டாஸின்போதும் ஆட்டம் முடிந்த பிறகும் இரு அணியும் கை கொடுக்க வேண்டும், மறுக்கும் அணிக்கு ஐந்து ரன் தண்டனை. இது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. எல்லோரும் டிவியில் துபாய் ஆட்டத்தைப் பார்த்தவர்கள்தான்.

2025 செப்டம்பர் 14 அன்று ஆசியக் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோது சூர்யகுமார் யாதவும் சல்மான் அலி ஆகாவும் டாஸில் கை கொடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலும் அதையடுத்த மோதலும் பின்னணியில் இருந்தன. இந்தியா ஏழு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. சிக்சர் அடித்து முடித்த சூர்யகுமாரும் மறுமுனையில் நின்ற சிவம் துபேயும் நேராக ஓய்வறைக்குப் போனார்கள். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் கை கொடுக்க நடந்து வந்தபோது ஓய்வறைக் கதவு சாத்தியிருந்தது. பரிசளிப்பு நிகழ்ச்சிக்குச் சல்மான் ஆகா வரவில்லை. இவ்வளவும் நம் ஊர் டீக்கடை வரைக்கும் அலசப்பட்டவை.

ஆனால் ஓர் அம்பயராக என் கவனம் போனது அதற்கடுத்த மூன்று நாட்களின் மீது. பாகிஸ்தான் வாரியம் புகார் கொடுத்தது இந்திய ஆட்டக்காரர்கள் மீது என்பதைவிட, ஆட்ட நடுவர் ஆண்டி பைக்ராஃப்ட் மீதுதான். டாஸின்போது கை கொடுக்க வேண்டாம் என்று அவர் தங்கள் கேப்டனிடம் சொன்னார், ஆகவே அவரைத் தொடரிலிருந்தே நீக்க வேண்டும் என்றது. ஐ.சி.சி. மறுத்துவிட்டது. செப்டம்பர் 17 அன்று ஐக்கிய அரபு அமீரகத்துடனான பாகிஸ்தானின் ஆட்டம் இதனால் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. பைக்ராஃப்ட் மன்னிப்புக் கேட்டார் என்றது பாகிஸ்தான் தரப்பு. தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த குழப்பத்துக்கு வருத்தம் தெரிவித்தார், அவ்வளவுதான் என்றது மறுதரப்பு. கை கொடுக்காததை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது இதுதான்: ஒரு செய்தி, டாஸுக்குச் சற்று முன், நடுவர் வழியாக, ஒருவரிடம் சொல்லப்பட்டது. அதை யார் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும், இருவரையும் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டுமா என்பதற்கு எந்த ஒழுங்கும் இல்லை.

எங்கள் கமிட்டி துபாயிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. “இங்க அப்படி நடக்கக் கூடாது” என்று ஒரு தண்டனையை எழுதிவிட்டார்கள்.

சரி, அரையிறுதிக்கு வருவோம்.

எம்.சி.சி. சட்டப்படி டாஸ் என்பது ஆட்டம் தொடங்குவதற்கு 30 நிமிடத்துக்கு முன்னால் போகக் கூடாது, 15 நிமிடத்துக்குப் பின்னால் தள்ளவும் கூடாது. எங்கள் பக்கம் டாஸ் முடிந்த கையோடு பீல்டிங் அணி இறங்கிவிடும். நடுவில் இரண்டு நிமிடம்கூட இருக்காது. வெயில் ஏறுவதற்குள் இன்னொரு ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரம். அன்றைக்கும் அப்படித்தான். பிட்ச் நடுவில் கமிட்டித் தலைவர், முதல் பரிசுப் பணத்தைக் கொடுத்த பெரியவர், இரண்டு கேப்டன்கள், அம்பயர்கள் நாங்கள் இருவர். காயின் பெரியவர் கையில். பந்தலில் மைக் பிடித்திருந்த தம்பி வர்ணனையை ஆரம்பித்துவிட்டார். “இரு அணித் தலைவர்களும் கை குலுக்கிக்கொள்ளும் அழகிய காட்சி” என்று ஒலிபெருக்கியில் வந்துவிட்டது. அப்போது யாரும் கை குலுக்கியிருக்கவில்லை.

தென்கரைக் கேப்டன் கையை நீட்டினார். வடகரைக் கேப்டன் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மறுக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. கைக்கு ஒரு வேலை கொடுத்துவிடுவார்கள். தலைவர் “குடுப்பா” என்றார். அவர் தலைவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “லிஸ்ட்டு குடுக்கட்டும்ணே, அப்புறம் கை குடுக்குறேன்.” அதற்குள் பெரியவர் காயினைச் சுண்டிவிட்டார். தென்கரை ஜெயித்து பேட்டிங் கேட்டது. மைக் தம்பி ஐயோ பாவம், பார்த்ததைச் சொல்லிவிட்டார்: “வடகரை கேப்டன் கை கொடுக்க மறுக்கிறார்!” திடலைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. பட்டியலைப் பற்றி அவர் சொன்னது எங்கள் ஐந்து பேரைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

வடகரையின் புகார் என்னவென்றால், தென்கரை மூன்றாவதாக ஒரு வெளியூர் பந்துவீச்சாளரைக் கொண்டுவந்திருக்கிறது, அவர் காலையில் பட்டுக்கோட்டை பஸ்ஸில் இறங்கியதைத் தங்கள் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள், பட்டியல் இன்னும் மேசைக்கு வரவில்லை, ஆட்டம் தொடங்கிய பிறகு வசதிப்படி பெயரை எழுதுவார்கள் என்பது. கமிட்டி அதை அப்புறம் பார்க்கலாம் என்றது. கை கொடுக்காத விஷயத்தை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. விதித்தாளில் தொகையோடு இருப்பது அதுதானே. ஐந்து ரன் தண்டனை என்று ஸ்கோரரிடம் சொல்லப்பட்டது.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்கரை 71 எடுத்தது. வடகரைக்கு இலக்கு 72, தண்டனையோடு 77. ஸ்கோரர் 77 என்று எழுதிக்கொண்டார். மைக் தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. அவர் எட்டு ஓவரும் 72, 72 என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி ஓவர் தொடங்கும்போது வடகரை 66. முதல் மூன்று பந்தில் மூன்று சிங்கிள். நான்காவது பந்து லாங் ஆனைத் தாண்டி வரப்பில் பட்டு எகிறிப் போனது, பவுண்டரி. 73. மைக்கில் “வடகரை வெற்றி!” என்று வந்ததும் கூட்டம் உள்ளே இறங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் கை கொடுத்தல் இரண்டாம் முறை வழக்குக்குள் வருகிறது, இந்த முறை தலைகீழாக. உள்ளே ஓடி வந்த வடகரைப் பையன்கள் கொண்டாட்டத்தில் கண்ணில் பட்ட தென்கரை பீல்டர்கள் எல்லோருக்கும் கை கொடுத்தார்கள். அவர்களில் சிலர் பழக்கத்தில் கொடுத்துவிட்டார்கள். பாயிண்டில் நின்ற பையன் கட்டியே பிடித்துக்கொண்டான், இருவரும் ஒரே கல்லூரி. இரண்டு நிமிடம் கழித்து ஸ்கோர் மேசையிலிருந்து ஆள் வந்து இன்னும் இரண்டு பந்து இருக்கிறது, நான்கு ரன் வேண்டும் என்றார். வடகரை மறுத்தது. “அவங்களே கை குடுத்துட்டாங்க. தோத்துட்டோம்னு ஒத்துக்கிட்டுத்தானே குடுத்தாங்க?”

இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. கிரிக்கெட்டில் கை கொடுப்பது மரியாதை மட்டுமல்ல, ஆட்டம் முடிந்தது என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்வதற்கான அடையாளமும் கூட. 2025 ஜூலை 27 அன்று மான்செஸ்டர் டெஸ்டின் கடைசி நாளில் நடந்தது நினைவிருக்கும். முடிவு டிரா என்று தெரிந்துவிட்ட நிலையில், கடைசி ஒரு மணி நேரம் தொடங்கும் கட்டத்தில் பென் ஸ்டோக்ஸ் கையை நீட்டினார். ஜடேஜாவும் நம் வாஷிங்டன் சுந்தரும் சதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். இருவரும் கையைப் பிடிக்கவில்லை. ஸ்டோக்ஸுக்குக் கோபம் வந்தது உண்மை, ஆனால் ஆட்டம் தொடர்ந்தது, இருவரும் சதம் அடித்தார்கள், அதன் பிறகுதான் கை கொடுத்து முடித்துக்கொண்டார்கள். அங்கே கையை வாங்காததற்குப் பொருள் ‘ஆட்டம் இன்னும் முடியவில்லை’ என்பது, அவமரியாதை அல்ல. முன்கூட்டியே முடிப்பதற்கு இரு தரப்பின் ஒப்புதலும் வேண்டும்.

ஆனால் அந்த ஒப்புதலைத் தர வேண்டியது கேப்டன். பாயிண்டில் நிற்கும் பையன் அல்ல. தவிர, ஆட்டம் முடிந்ததற்கு அடையாளம் கை அல்ல, ஸ்டம்ப். சட்டப்படி அம்பயர் ‘டைம்’ சொன்னதும் இரு பக்கமும் பெய்ல்ஸை எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் காற்றுக்குப் பெய்ல்ஸ் நிற்காது என்பதால் நாங்கள் வைப்பதில்லை. அதற்குப் பதில் நடு ஸ்டம்பைப் பிடுங்கிவிடுவோம். அன்றைக்கு ஆறு ஸ்டம்பும் நின்றபடியே இருந்தன. ஆகவே தென்கரை தோல்வியை ஒத்துக்கொண்டது என்ற வாதம் நிற்கவில்லை.

தென்கரையின் வாதம் இன்னும் கடுமை. இரண்டு பந்து பாக்கி இருக்கும்போது வடகரை ஆட மறுக்கிறது, ஆட மறுக்கும் அணி தோற்றதாக அம்பயர்கள் அறிவிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது, அறிவியுங்கள் என்றார்கள். சட்டத்தில் அப்படி இருப்பது உண்மைதான், 16-ஆம் சட்டம். ஆனால் ஆட மறுக்கிறார்களா என்பதற்கு முன்னால் ஆட வேண்டியது பாக்கி இருக்கிறதா என்று முடிவாக வேண்டும். இலக்கு 72 என்றால் ஆட்டம் முடிந்துவிட்டது. 77 என்றால் முடியவில்லை. எல்லாம் அந்த ஐந்து ரன்னில் வந்து நின்றது.

பஞ்சாயத்து பந்தலில் உட்கார்ந்தது. முதலில் வந்த கேள்வி ஊர்க் கேள்வி. கை கொடுக்க மறுப்பதற்கு இங்கே இன்னொரு பழைய பொருள் உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். யாரைத் தொடலாம், யாரைத் தொடக் கூடாது என்ற அந்தக் கணக்கில் ஒரு கை பின்வாங்கியிருந்தால், அது ஐந்து ரன்னில் அடங்கும் குற்றமல்ல. தீண்டாமை சட்டப்படி குற்றம், அதற்கு இடம் காவல் நிலையம், ஸ்கோர் மேசை அல்ல. பெரியவர் ஒருவர் இதை வெளிப்படையாகவே கேட்டார். அப்படி இல்லை என்று இரு தரப்பும் சொன்னார்கள். இரண்டு அணியிலும் எல்லாத் தெருப் பையன்களும் ஆடுகிறார்கள், போன வருடம் வரை இந்த இரண்டு கேப்டன்களும் ஒரே அணியில் ஆடியவர்கள். இதைக் கேட்டு முடித்துக்கொண்டது நல்லது என்றுதான் நினைக்கிறேன். டாஸில் ஒரு கை நீளவில்லை என்றால் எங்கள் பக்கம் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்துப் பட்டியல். மேசையில் தென்கரையின் தாள் இருந்தது. பத்து பெயர் நீல மையில், ஒரு பெயர் கறுப்பு மையில். கறுப்பு மைப் பெயர்தான் பட்டுக்கோட்டை பஸ். தாள் எப்போது வந்தது என்று ஸ்கோரரைக் கேட்டோம். இரண்டாவது ஓவர் நடக்கும்போது என்றார். மூடி மறைக்க எதுவுமில்லை. ஆட்டக்காரர்களை டாஸுக்கு முன்பே எழுத்தில் அம்பயரிடம் கொடுக்க வேண்டும், அதன் பிறகு எதிரணிக் கேப்டன் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது என்பது சட்டத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் விதித்தாளிலும் இருந்தது: பட்டியல் தராத அணிக்கு டாஸ் இல்லை.

முடிச்சு அங்கேயே அவிழ்ந்தது. பட்டியல் வராததால் அந்த டாஸே நடந்திருக்கக் கூடாது. நடந்திருக்கக் கூடாத டாஸில் கை கொடுக்கவில்லை என்று தண்டனை போட முடியாது. ஐந்து ரன் ரத்து, இலக்கு 72, நான்காவது பந்தோடு ஆட்டம் முடிந்தது, வடகரை வெற்றி. டாஸே செல்லாது என்றால் முழு ஆட்டமும் செல்லாதே என்று தென்கரைத் தரப்பில் ஒருவர் கேட்டார், கெட்டிக்காரக் கேள்விதான். டாஸில் தவறு செய்த அணியே அந்தத் தவறைக் காட்டி மறு ஆட்டம் கேட்க முடியாது, பாதிக்கப்பட்ட அணி கேட்கவில்லை என்று பதில் சொன்னோம். மூன்றாவது வெளியூர்க்காரர் ஒரு ஓவர் போட்டு ஆறு ரன்தான் கொடுத்திருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் பந்துவீச்சு வடகரைக்குப் பாதகம், அப்படியும் அவர்கள் எட்டிவிட்டார்கள்.

எழுந்து போகும்போது தென்கரைக் கேப்டன் எங்கள் இரண்டு அம்பயர்களுக்கும் கை கொடுத்தார். வடகரைக் கேப்டனுக்குக் கொடுக்கவில்லை. விதித்தாள்படி அதற்கும் ஐந்து ரன் உண்டு. எந்த ஸ்கோரில் கழிப்பது என்று யாரோ கேட்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

இப்போது விதியைப் பற்றி. கை கொடுக்க வேண்டும் என்று கிரிக்கெட் சட்டத்தில் எங்கும் இல்லை. முன்னுரையில், ஆட்டத்தின் உணர்வு என்ற பகுதியில், எதிரணியின் வெற்றியைப் பாராட்டுங்கள், முடிவு எதுவானாலும் ஆட்டம் முடிந்ததும் அதிகாரிகளுக்கும் எதிரணிக்கும் நன்றி சொல்லுங்கள் என்று இருக்கிறது. எப்படிச் சொல்வது என்று இல்லை. மீறினால் இத்தனை ரன் என்றும் இல்லை. டாஸைப் பற்றிய 13-ஆம் சட்டம் நேரம், இடம், அம்பயர் முன்னிலை, ஜெயித்தவர் முடிவை அறிவிப்பது, அறிவித்த பின் மாற்றக் கூடாது என்பதைச் சொல்லும். கையைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

கட்டாய விதி வைத்திருந்த விளையாட்டுகள் உண்டு. அவை பட்ட பாடும் தெரிந்ததே. வாள்சண்டையில் ஆட்டம் முடிந்ததும் கை கொடுத்தே ஆக வேண்டும் என்று இருந்தது. 2023 ஜூலை 27 அன்று மிலானில் நடந்த உலகப் போட்டியில் உக்ரைனின் ஓல்கா கார்லான், ரஷ்யாவின் அன்னா ஸ்மிர்னோவாவை 15-7 என்று வென்றுவிட்டு, கை கொடுக்காமல் வாளின் முனையை நீட்டினார். கொரோனா காலத்தில் வாளைத் தொட்டுக்கொள்வது ஏற்கப்பட்டிருந்தது. ஸ்மிர்னோவா மேடையை விட்டு இறங்காமல் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் கார்லானுக்குக் கறுப்பு அட்டை, போட்டியிலிருந்தே வெளியேற்றம். சில நாட்களுக்குள் கூட்டமைப்பே அந்த விதியைத் தளர்த்தியது. தள்ளி நின்று வணக்கம் செலுத்தினால் போதும் என்றானது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அவருக்குப் பாரிஸ் ஒலிம்பிக்கில் இடத்தை உறுதி செய்தது. வாளைப் பிடித்து ஜெயித்ததை ஒரு கை செல்லாக்காசாக்கியது. பிறகு அந்த விதியே செல்லாக்காசானது.

சதுரங்கத்தில் இன்னும் விசித்திரம். ஆட்டத்துக்கு முன் கை கொடுக்க மறுத்தால் தோல்வி என்று 2007-இல் முடிவு செய்தார்கள். மறு ஆண்டே நெதர்லாந்தின் வைக் ஆன் ஜேயில் நைஜல் ஷார்ட் நீட்டிய கையை பல்கேரியாவின் செபாரினோவ் வாங்கவில்லை. ஷார்ட் முறையிட, நடுவர் அவருக்கு வெற்றி கொடுத்தார். மேல்முறையீட்டில் ஆடித்தான் தீர்க்க வேண்டும் என்றாகி, பிறகு நடந்த ஆட்டத்திலும் ஷார்ட்டே ஜெயித்தார். இந்த இரண்டிலும் எங்கள் அரையிறுதியிலும் நான் பார்ப்பது ஒன்றே. தண்டனை வந்த நிமிடத்திலிருந்து நீட்டுகிற கையும் சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. தென்கரைக் கேப்டன் மைக்குக்கு முன்னால் அவ்வளவு முந்திக்கொண்டு கையை நீட்டியது மரியாதைக்கா, ஐந்து ரன்னுக்கா? அவர் பட்டியலைக் கொடுக்காமல் கையை மட்டும் கொடுத்தார் என்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு பதில் இருக்கிறது, ஆனால் அதை நிரூபிக்க முடியாது.

ஆட்டம் முடிந்த பிறகு கை கொடுக்காமல் போவதில் பாதிக்கு மேல் மறுப்பே அல்ல என்பதையும் கமிட்டிகள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய மைதானத்தில் கிரீஸில் நிற்கும் இரண்டு பேட்ஸ்மேன்கள், பக்கத்து பீல்டர்கள், அம்பயர்கள் முதலில் கொடுப்பார்கள். பிறகு ஓய்வறையிலிருந்து மற்றவர்கள் வரிசையாக இறங்கி வருவார்கள். இங்கே அந்த வரிசைக்கு இடமே இல்லை. கடைசி ரன் எடுத்ததும் ஊரே உள்ளே வந்துவிடும், தோற்றவர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மறுப்பா, தவறிப்போனதா என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது அம்பயரை. எங்களிடம் வந்து கை கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் எதிரணிக் கேப்டனைத் தாண்டிப் போனால் அது மறுப்பு. எங்களிடமும் வராமல் போனால் அது பெரும்பாலும் கூட்டமோ பசியோதான்.

மறுநாள் காலை, இறுதிப் போட்டிக்கு முன், கமிட்டி விதித்தாளில் அந்த ஐந்து ரன் வரியை அடித்தது. அதற்குப் பதில் வந்த ஏற்பாடு இது. பட்டியல் ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன் மேசைக்கு வர வேண்டும், அதில் எதிரணிக் கேப்டன் கையெழுத்துப் போட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு வெளியூர்க்காரர் பேச்சை எடுக்க முடியாது. டாஸ் கால் மணி நேரம் முன். காயின் விழுந்து முடிவு சொல்லும் வரை மைக் மூடியிருக்கும். கை கொடுப்பது கேப்டன்களின் விருப்பம். ஒருவர் கொடுக்கப் போவதில்லை என்றால் அதை அம்பயரிடம் முன்பே சொல்லலாம், அம்பயர் அதை அவரை வைத்துக்கொண்டே மற்றவரிடம் சொல்வார், யாரும் இடையில் தூது போகக் கூடாது. இந்தக் கடைசி ஏற்பாடு நேராகத் துபாயிலிருந்து வந்தது. ஆட்டம் முடிந்ததும் அம்பயர் நடு ஸ்டம்பைப் பிடுங்கும் வரை யாரும் யாருக்கும் கை கொடுக்கக் கூடாது. அதற்குப் பிறகு கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம்.

இது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பட்டியல் சண்டை, போன வாரத்து ரன் அவுட், நுழைவுக் கட்டணப் பாக்கி என்று ஆட்டத்துக்குள் காரணம் உள்ள மறுப்பை இந்த அரை மணி நேரத்தில் பேசி முடிக்கலாம். ஆட்டத்துக்கு வெளியே காரணம் உள்ளதை முடிக்க முடியாது. துபாய்க்கு அடுத்த மாதம், அக்டோபர் 5 அன்று கொழும்பில் மகளிர் உலகக் கோப்பையில் ஹர்மன்பிரீத் கவுரும் பாத்திமா சனாவும் டாஸில் கை கொடுக்கவில்லை. அன்றைக்கு இரு தரப்புக்கும் முன்பே தெரியும் என்பதால் ஆட்டம் பாட்டுக்கு நடந்தது. அதற்கு ஒன்பது நாள் கழித்து மலேசியாவில் ஜூனியர் ஹாக்கியில் அதே இரு நாட்டுப் பையன்கள் கையைத் தட்டிக்கொண்டார்கள். எந்த விதியும் இதைச் செய்யவில்லை, எந்த விதியும் அதைத் தடுத்திருக்காது.

இறுதிப் போட்டி டாஸில் வடகரைக் கேப்டன் எதிரணிக்குக் கை கொடுத்தார். மைக் மூடியிருந்ததால் திடலில் பாதிப் பேர் கவனிக்கவில்லை. இன்னும் முடிவாகாமல் இருப்பது பரிசுப் பணம் கொடுக்கும் பெரியவர் விஷயம். காயினைத் தானேதான் சுண்ட வேண்டும், இரண்டு கேப்டன்களும் கை கொடுத்தபடி நடுவில் தான் நிற்கும் போட்டோ அடுத்த வருட ஃபிளெக்ஸுக்கு வேண்டும் என்கிறார். காயினைச் சொந்த ஊர் அணிக் கேப்டன் சுண்டட்டும் என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். ஆடியில் கமிட்டி கூடும்போது பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.